காலம் எங்கே நகரும், எங்கே நகராது

பத்தாம் வகுப்பு ஆங்கில விடைத்தாள்களில் கட்டுரையையும் கடிதத்தையும் படித்துக்கொண்டு போகும்போதே மதிப்பெண் மனதில் விழுந்துவிடும். வாய்ஸ் மாற்றச் சொல்லும் கேள்வியும், டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்டாக மாற்றச் சொல்லும் கேள்வியும் அப்படி விடுவதில்லை. விடை ஒரே வரிதான். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் ஓர் ‘இஸ்’ சத்தமில்லாமல் ‘வாஸ்’ ஆகியிருக்கும். ஒரு ‘மை’ ‘ஹெர்’ ஆகியிருக்கும். தூக்கக் கலக்கத்தில் திருத்துகிறவர் தாண்டிப் போய்விடுவார்.

ஒவ்வொரு கட்டிலும் தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு: ‘ஹி செட் தட் ஐ ஆம் கமிங் டுமாரோ.’ ‘டென்ஸ் தப்பு’ என்று ஓரத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்; பலரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை அக்கறையில்லாமல் எழுதவில்லை. வீட்டில் பேசுகிறபடியே எழுதியிருக்கிறது. “நான் நாளைக்கு வர்றேன்னு சொன்னான்” என்றுதான் நாம் பேசுகிறோம். ‘என்று’ என்ற சொல், சொன்னவன் வாயிலிருந்து வந்ததை அப்படியே உள்ளே வைத்துக்கொள்ளும். ‘நான்’ நானாகவே இருக்கும், ‘நாளை’ நாளையாகவே இருக்கும். ‘தட்’ என்றால் ‘என்று’ என வகுப்பில் நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் ‘தட்’ வந்துவிட்டால் வாக்கியம் முழுவதும் எடுத்துச் சொல்கிறவர் நிற்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும்: ‘ஹி செட் தட் ஹி வாஸ் கமிங் தி நெக்ஸ்ட் டே.’

தமிழில் இன்னொரு வழியும் இருக்கிறது: “தான் மறுநாள் வருவதாகச் சொன்னான்.” இங்கே ‘நான்’ ‘தான்’ ஆகிவிட்டது, ‘நாளை’ ‘மறுநாள்’ ஆகிவிட்டது. ஆனால் காலம் அசையவில்லை. ‘வருவதாக’ எதிர்காலமாகவே நிற்கிறது. இந்த வழியில் யோசிக்கிற பிள்ளை ‘ஹி செட் தட் ஹி வில் கம் தி நெக்ஸ்ட் டே’ என்று எழுதும். பிரதிப்பெயர் சரி, காலம் மட்டும் தவறு. ‘வில்’ ‘வுட்’ ஆகியிருக்க வேண்டும். இரண்டும் தப்பு விடைகள்தான். ஆனால் தப்பு ஒன்றல்ல. பிரதிப்பெயரும் காலமும் சேர்ந்து தவறினால் அந்தப் பிள்ளைக்கு இன்டைரக்ட் ஸ்பீச் என்பதே இன்னும் பிடிபடவில்லை. காலம் மட்டும் தவறினால் காலம் மாறும் பட்டியலை ஒருமுறை பார்க்கச் சொன்னால் போதும்.

பிரதிப்பெயருக்கு நம் வகுப்புகளில் ஒரு சூத்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது, எஸ்-ஓ-என் என்று. தன்மை, சொன்னவரைப் பார்த்து மாறும், முன்னிலை, கேட்டவரைப் பார்த்து மாறும், படர்க்கை மாறாது. நல்ல சூத்திரம்தான், ஆனால் எழுதுகிற அவசரத்தில் பாதிதான் நினைவில் நிற்கும். இந்த வரியைப் பாருங்கள்: மாலா செட் டு மீ, ‘ஐ லெஃப்ட் மை பர்ஸ் இன் யுவர் கார் யெஸ்டர்டே.’ வகுப்பில் பாதிப்பேர் ‘மாலா டோல்ட் மீ தட் ஷி ஹேட் லெஃப்ட் ஹெர் பர்ஸ் இன் ஹெர் கார் தி டே பிஃபோர்’ என்று எழுதுவார்கள். ‘லெஃப்ட்’ ‘ஹேட் லெஃப்ட்’ ஆனது சரி. ‘யெஸ்டர்டே’ ‘தி டே பிஃபோர்’ ஆனதும் சரி. மாலா பெண் என்பதால் கண்ணில் பட்டதையெல்லாம் ‘ஹெர்’ ஆக்கியதுதான் தவறு. இதைப் பிடிக்க இலக்கணமே வேண்டாம், “கார் யாருடையது?” என்று கேட்டால் போதும். கேள்வியில் கார் என்னுடையது, விடையில் மாலாவுடையதாகிவிட்டது. கேட்டவர் ‘மீ’, எனவே ‘யுவர்’ ‘மை’ ஆகவேண்டும். பர்ஸ் யாருடையது, கார் யாருடையது, விட்டுவிட்டு வந்தது யார் என்று வாக்கியத்திலுள்ள ஒவ்வொரு ஆளையும் பொருளையும் விசாரித்துவிட்டால் பிரதிப்பெயர்த் தவறு தப்பிக்காது.

இன்டைரக்ட் ஸ்பீச் பாடம் முடிந்த கையோடு வாய்ஸ் கேள்வி கொடுத்தால் வேடிக்கையாக இருக்கும். இவ்வளவு நாள் காலத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ளிப் பழகிய கை, தள்ளக்கூடாத இடத்திலும் தள்ளும். ‘தே ஆர் பில்டிங் எ பிரிட்ஜ்’ என்பதற்கு ‘எ பிரிட்ஜ் வாஸ் பில்ட் பை தெம்’ என்று வந்து நிற்கும். வாய்ஸில் காலம் ஒரு மயிரிழைகூட நகரக்கூடாது. பாலத்தை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறார்கள். விடையில் கட்டியே முடித்துவிட்டார்கள்.

இங்கே நான் வினைச்சொற்களை எண்ணிப் பார்ப்பேன். பேசிவ் ஆக்கினால் வினைத்தொடரில் சரியாக ஒரு சொல் கூடும். ‘ரைட்ஸ்’ ஒன்று, ‘இஸ் ரிட்டன்’ இரண்டு. ‘ஹேஸ் ரிட்டன்’ இரண்டு, ‘ஹேஸ் பீன் ரிட்டன்’ மூன்று. ‘ஆர் பில்டிங்’ இரண்டு, எனவே ‘இஸ் பீயிங் பில்ட்’ என்று மூன்று வரவேண்டும். ‘வாஸ் பில்ட்’ இரண்டிலேயே நின்றுவிட்டது, ‘பீயிங்’ எங்கோ விழுந்துவிட்டது. ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ வரும் வாக்கியங்களில் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும். ‘டிட் ஹி ரைட் தி லெட்டர்?’ என்பதில் வினை இரண்டு சொல். ‘வாஸ் தி லெட்டர் ரிட்டன் பை ஹிம்?’ என்பதிலும் இரண்டுதான். ‘டிட்’ போய் அந்த இடத்துக்கு ‘வாஸ்’ வந்துவிடுவதால் இப்படி.

எண்ணிக்கை எல்லாவற்றையும் பிடிக்காது. ‘வாஸ் பீயிங் பில்ட்’ என்று எழுதினால் மூன்று சொல் இருக்கிறது, காலம் மட்டும் தவறு. அதற்கு விடையைத் திருப்பி ஆக்டிவ் ஆக்கிப் பார்க்க வேண்டும். ‘தே வேர் பில்டிங்’ என்று வந்தால் கேள்வியோடு பொருந்தவில்லை என்பது உடனே தெரியும். ‘தி பாய்ஸ் புரோக் தி விண்டோ’ என்பதை ‘தி விண்டோ வேர் புரோக்கன்’ என்று மாற்றுகிறவர்களும் உண்டு. ஜன்னல் ஒன்றுதான், பையன்களின் பன்மை அதில் ஒட்டிக்கொண்டது.

இப்படித் திருப்பிப் பார்ப்பது காலத்தைப் பொறுத்தவரை வாய்ஸுக்கு நன்றாக உதவும், இன்டைரக்ட் ஸ்பீச்சுக்கு உதவாது. ‘ஷி செட் தட் ஷி ஹேட் ஃபினிஷ்ட்’ என்ற விடையைத் திருப்பினால் ‘ஐ ஃபினிஷ்ட்’, ‘ஐ ஹேவ் ஃபினிஷ்ட்’, ‘ஐ ஹேட் ஃபினிஷ்ட்’ என மூன்றில் எது வேண்டுமானாலும் வரலாம். மூன்றும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. அதனால் இங்கே கேள்வியிலிருந்து விடைக்குத்தான் நடக்க வேண்டும், அதுவும் வெளியே இருக்கும் வினையில் தொடங்கி. அது ‘செட்’ என்றால்தான் உள்ளே காலம் நகரும். ‘செஸ்’ என்று நிகழ்காலத்தில் இருந்தால் நகராது. இந்த ஒரு பார்வையைத் தவறவிட்டு முழு வரியையும் அழகாகப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

நகரலாம், நகராமலும் இருக்கலாம் என்ற இடங்களும் இருக்கின்றன. சூரியன் கிழக்கே உதிப்பதாக ஆசிரியர் சொன்னார் என்றால், ‘ரைசஸ்’ என்று நிகழ்காலத்திலேயே விடலாம் என்பது எல்லா வகுப்பிலும் சொல்கிற விதி. ஆனால் ரயில் விஷயத்தில் நாம் கறாராகிவிடுகிறோம். ஹி செட், ‘மை ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்.’ விடைக்குறிப்பில் ‘லெஃப்ட்’ என்று மட்டும் இருக்கும். அவன் சொன்னதை நாம் எடுத்துச் சொல்கிற நேரத்தில் ரயில் இன்னும் புறப்படவில்லை என்றால் ‘ஹி செட் தட் ஹிஸ் ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்’ என்று எழுதுவதும் சரியான ஆங்கிலம்தான். கேள்வியில் அது தெளிவாக இல்லாதபோது, திருத்துகிற சக ஆசிரியர்கள் தயவுசெய்து அந்த ‘லீவ்ஸ்’ஸை அடிக்காமல் முழு மதிப்பெண் போடுங்கள்.