மோர் கொடுத்த அம்மா

அறுவடை மெஷின் ஓட்டுற தம்பியை வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் பார்ப்பேன். போன வாரம் அவங்க அம்மா தவறிட்டாங்க. வாட்ஸ்அப்பில், "உங்கள் தாய் எனக்கும் தாய், நெஞ்சு வெடிக்கிறது" என்று எழுதிவிட்டேன். எட்டிப் பார்த்த வீட்டுக்காரி, "அந்தம்மா பேராச்சும் தெரியுமா?" என்றாள். தெரியாது. அழித்தேன்.

பங்காளி வீட்டுச் சாவுன்னா மெசேஜே கிடையாது, மாலையோட போய் நிப்போம். இவருக்கு, பழகின அளவுக்குத்தானே எழுத முடியும்?

"அம்மா தவறின சேதி கேட்டேன், வருத்தமா இருக்கு. ஒருதடவை உங்க வீட்டுக்கு வந்தப்ப மோர் கொடுத்தாங்க. அறுப்புக்கு இன்னும் இருபது நாள் இருக்கு. காரியம் முடிச்சிட்டே வாங்க தம்பி."

ராத்திரி பதில் வந்தது: "மோர் கொடுக்காம அம்மா யாரையும் அனுப்பாதுண்ணே."