அடுப்பு மூட்டுமுன்

தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளைக் கண்டு, ஓய்வு நாட்களில் அடுக்களையில் கைபழகும் நம்மைப் போன்றோரின் காதில் இரு பிரெஞ்சுச் சொற்கள் ஓயாமல் விழுகின்றன. ‘மீஸ் ஆன் பிளாஸ்’ ஒன்று. ‘சூ ஷெஃப்’ மற்றொன்று. நறுக்கியவற்றை நிரப்பிய கிண்ண வரிசை முதலாவது என்றும், அருகில் நின்று வெங்காயம் உரிப்பவர் இரண்டாமவர் என்றும் கொள்வோர் பலர். இரண்டுமே அரைப்பொருள்தாம்.

மீஸ் ஆன் பிளாஸ் என்பது அதனதன் இடத்தில் வைத்தல். எதை முன்னதாக முடிப்பது என்பதோடு, எதைக் கடைசிவரை தொடாதிருப்பது என்பதும் அதில் அடங்கும். பிரெஞ்சுக்காரரின் ‘மூனியேர்’ மீனையே பார்ப்போம். மீனை மாவில் புரட்டிப் பொரித்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து, பழுப்பேற உருக்கிய வெண்ணெயை மேலே ஊற்றும் எளிய பண்டம் அது. மீனைத் துடைத்து ஈரம் போக்கி வைக்கலாம். பார்ஸ்லித் தழையைப் பொடியாக அரிந்து துணியிலிட்டுப் பிழிந்து வைக்கலாம். மாவை மட்டும் மீன் சட்டியில் இறங்கும் வேளையில்தான் பூச வேண்டும். முன்கூட்டியே பூசி அழகாக அடுக்கினால், மீனின் ஈரத்தைக் குடித்து மாவு பசையாகிவிடும். பிறகு எவ்வளவு பொரித்தாலும் மொறுமொறுப்பு வாராது.

வெண்ணெயின் கதை வேறு. சூடேறியதும் அது நுரைத்துச் சலசலக்கும். அதிலுள்ள நீர் ஆவியாகும் ஓசை அது. ஓசை அடங்கியபின் அடியில் படியும் பால்துகள்கள் பழுப்பேறி, வறுத்த கொட்டையின் மணம் எழும். அதுவே பதம். இன்னும் சில நொடி கடந்தால் கருகிக் கசக்கும். அந்நேரம் பார்த்துத் தட்டைத் தேடி அலமாரியைத் திறப்பவருக்குக் கருகல்தான் மிஞ்சும். தட்டும் எலுமிச்சையும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டியது இதற்காகவே. திரையில் அழகுக்காக அன்று.

இனி சூ ஷெஃப். ‘சூ’ என்றால் கீழ். தலைமைச் சமையலாளருக்கு அடுத்த நிலையினர். 1870ஆம் ஆண்டுப் போரில் பிரெஞ்சுப் படைக்குச் சமைத்த ஓகஸ்ட் எஸ்கோஃபியே, 1890 முதல் லண்டன் சவாய் ஓட்டலின் சமையலறையைப் படைப்பிரிவு போலவே ஒழுங்குபடுத்தினார். மீனுக்கு ஒருவர், சாஸுக்கு ஒருவர் எனப் பணிகள் பிரிந்தன. அத்தகைய சமையலறையில் உரித்து நறுக்கும் இளையவர் ‘கொமி’ எனப்படுவார். சூ ஷெஃப்போ பரிமாறல் தொடங்குமுன் ஒவ்வொரு மேடையாகச் சென்று, ஏற்பாடு சரிதானா என்று நோக்கி, சுவைத்துப் பார்ப்பவர். தலைவர் இல்லாதபோது பொறுப்பேற்பவர்.

திரையில் தோன்றும் கிண்ணங்களைப் பெரும்பாலும் நாம் காணாத கைகளே நிரப்பியிருக்கும். வீட்டில் அக்கைகள் யாருடையவை? ஞாயிறன்று கணவர் கரண்டி பிடிக்க, நறுக்கிக் கொடுத்த மனைவியைச் ‘சூ ஷெஃப்’ என விருந்தினருக்கு அறிமுகம் செய்யும் வேடிக்கையை நாம் கண்டதுண்டு. “சட்டி இன்னும் காயவில்லை, பொறுங்கள்” என்று அவர் தடுத்திருந்தால் அப்பெயர் பொருந்தும். விருந்து முடிந்தபின் அத்தனை கிண்ணங்களையும் கழுவுபவருக்கும் அச்சமையலறையில் ஒரு பெயர் உண்டு: ‘ப்ளோன்ஜர்’. அச்சொல்லை எந்த நிகழ்ச்சியிலும் நாம் கேட்டதில்லை.