தொண்டையிலே ஒரு திரை!

தொண்டை வலி என்றால் யார் அஞ்சுகிறார்கள்? வெந்நீரில் உப்பு, மிளகுக் கஷாயம், இரண்டு நாள் ஓய்வு, போயிற்று வலி! பெரும்பாலும் உண்மையும் அதுதான். ஆனால் அந்தப் பழகிய வலியின் வேடத்திலேயே வீட்டுக்குள் நுழையும் கொடியவன் ஒருவன் உண்டு. காய்ச்சல் கடுமையாக இராது. ஆகவே கவலையும் எழாது. டிப்தீரியா என்பர், தமிழிலே தொண்டை அடைப்பான்.

அவனை அடையாளம் காண்பது எப்படி? குழந்தையை வெளிச்சத்தில் நிறுத்தி, வாயை அகலத் திறக்கச் சொல்லி, உள்ளே நோக்க வேண்டும். சாதாரணத் தொண்டைப் புண்ணில் வெண்புள்ளிகள் தெரியலாம். துடைத்தால் அவை எளிதில் அகலும். அடைப்பானிலோ சாம்பல் நிறத்தில் தடித்த சவ்வு, திரைபோல் படிந்திருக்கும், உள்நாக்குவரை படரும், உரிக்க முயன்றால் இரத்தம் கசியும். உரித்துப் பார்க்கும் வேலை நமதன்று! கண்டதும் மருத்துவமனைக்குக் கிளம்புவதே நம் வேலை. கழுத்து வீங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது ஓசை எழுந்தாலோ, ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

ஏன் இத்தனை அவசரம்? கிருமி தொண்டையிலேதான் குடியிருக்கிறது. அது கக்கும் நஞ்சோ உடலெங்கும் உலவுகிறது. தொண்டையின் உயிரணுக்களை அந்த நஞ்சு கொன்று குவித்த குப்பையே அந்தச் சாம்பல் திரை. திரை மூச்சுக்குழலை அடைக்கலாம். அதனினும் கொடிது, இரத்தத்தில் கலந்த நஞ்சு இதயத்தைத் தாக்குவது. தொண்டை தேறிய பிறகும், ஓரிரு வாரம் கழித்து இதயம் நின்றுபோவதுண்டு.

இதற்கு மாற்று இருக்கிறது. 1890இல் பெஹ்ரிங்கும் கிடசாட்டோவும் கண்டறிந்த நச்சுமுறி மருந்து. இன்றும் குதிரையின் இரத்தத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆனால் அதற்கோர் எல்லை உண்டு. இரத்தத்தில் அலையும் நஞ்சை அது முறிக்கும். உயிரணுவுக்குள் புகுந்துவிட்ட நஞ்சை அதனால் தொடவும் இயலாது! பென்சிலின் கிருமியைக் கொல்லும். முன்பே கக்கிய நஞ்சை என் செய்யும்? ஆகவேதான் ஆய்வுக்கூட முடிவுக்குக் காத்திராமல், ஐயம் எழுந்த உடனே நச்சுமுறியை ஏற்றுகின்றனர். நோய் தோன்றி 48 மணிக்குள் வந்த குழந்தைக்கு 20,000 அலகு போதுமானதாக இருக்கலாம். மூன்று நாள் கடந்து, கழுத்தும் வீங்கி வந்தால் 80,000 அலகு வேண்டியிருக்கும். அத்தனை கொடுத்தும், புகுந்த நஞ்சு புகுந்ததே!

ஸ்பெயின் நாட்டிலே ஓலோட் என்றோர் ஊர். 2015இல் அங்கே ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்நோய் கண்டது. 1986க்குப் பின் அந்நாடு காணாத நோய்! சிறுவனுக்குத் தடுப்பூசி போடப்படவில்லை; வேண்டாம் என்று பரப்பியவர்களின் பேச்சைப் பெற்றோர் நம்பியிருந்தனர். நச்சுமுறி அந்நாட்டில் இல்லை, ரஷ்யாவிலிருந்து வரவழைத்தனர். பார்சிலோனாவின் பெரிய மருத்துவமனை போராடிற்று. ஜூன் 27 அன்று சிறுவன் மாண்டான்.

நம் பள்ளியில் மாணவர்களின் தடுப்பூசி அட்டைகளைக் கேட்டு வாங்கிய நாளில், தந்தை ஒருவர் நம்மிடம் கேட்டார்: “ஊர்ப் பிள்ளைகளெல்லாம் போட்டுக்கொண்ட பிறகு, நோய் எங்கிருந்து வரும் வாத்தியாரே?” தாயத்தை நம்பியவரல்லர், கணக்குப் பார்த்துக் கேட்டவர். அவருக்கு நாம் சொன்னது ஓலோட்டின் மறுபாதி. அச்சிறுவனோடு பழகிய குழந்தைகளைச் சோதித்தனர். சிலர் தொண்டையில் அதே கிருமி இருந்தது! ஆனால் அவர்கள் தடுப்பூசி பெற்றவர்கள், நோயின்றி ஓடியாடினர். ஏனெனில் இத்தடுப்பூசி முறியடிப்பது நஞ்சை. கிருமி தொண்டையில் தங்குவதை அது முற்றிலும் தடுப்பதில்லை. ஊரார் பெற்ற காப்பு ஊராருக்கு. அவர்களுக்கு நடுவே காப்பின்றி நிற்கும் பிள்ளையை அது முழுதும் மறைக்காது. தந்தை சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “எங்கே போட வேண்டும்?” என்றார்.

அரசு நிலையங்களில் இலவசமாகவே போடுகிறார்கள், தோழர்களே! பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில். பின் ஒன்றரை வயதையொட்டி. அதன்பின் 5 வயதில். மீண்டும் 10இலும் 16இலும். காப்பு காலப்போக்கில் தேய்வதால்தான் இத்தனை முறை. பிந்தைய ஊசிகளை மறப்பவர்களே மிகுதி.

ஊசி பெறாத குழந்தையின் தொண்டையில் சாம்பல் திரை தெரிந்தால், திருநீறு பூசி விடியட்டும் எனக் காத்திராதீர். 108ஐ அழையுங்கள். நச்சுமுறி எல்லா மருந்தகங்களிலும் இராது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் கேளுங்கள். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியவை இரண்டு: “திரை தெரிகிறது, தடுப்பூசி போடவில்லை.” உடன் வாழ்வோரும் அன்றே சோதனைக்குச் செல்லட்டும். இரவென்றும் பாராதீர், நஞ்சு இரவில் உறங்குவதில்லை.