இரு வீடுகளும் ஒரு மணிக்கூடும்

திருக்கேதீச்சரத்துப் பாலாவிக்கரையிலிருந்து சிறிது தொலைவில், பனையோலை வேய்ந்த ஒரு திண்ணையில் முதிய சாத்திரியார் ஒருவர் வாழ்ந்துவந்தார். கேது வழிபட்ட தலம் என்று புராணம் கூறும் அக்கோயிலின் அயலில் இருந்தும், தம்மிடம் வருவோருக்கு அவர் முதலிற் சொல்வது, “பரிவர்த்தனையிலே கேதுவுக்கும் இராகுவுக்கும் பங்கில்லை” என்பதாம். மரபான கணக்கில் அவ்விரண்டிற்கும் சொந்த வீடு கிடையாது. வீடில்லாதவன் யாருடன் வீடு மாற்றுவான்?

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே ஒரு முற்பகல், மன்னார்த் தீவிலிருந்து தாயொருத்தி இரண்டு குறிப்புகளுடன் அத்திண்ணைக்கு வந்தாள். இரண்டும் அவளுடைய ஒரே மகளின் குறிப்புகளே. பிறந்த நாள் இரண்டிலும் 1997 ஓகத்து 10, ஞாயிற்றுக்கிழமை. பிறந்த நேரம் இரண்டிலும் காலை 6.45. ஆயினும், ஒன்றில் இலக்கினம் கடகம், மற்றதிற் சிங்கம். முன்னது மகள் குழந்தையாயிருந்தபோது தீவிலே எழுதப்பட்டது. பின்னது, பேசிவந்த கலியாணத்திற்குப் பொருத்தம் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் புதிதாகக் கணிப்பித்தது. அதைக் கண்ட பின் அவர்கள் பேச்சை நிறுத்தி வைத்திருந்தனர்.

சாத்திரியார் இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கிரகங்கள் இரண்டிலும் ஒரே இராசிகளில் நின்றன. வியாழன் மகரத்தில், சனி மீனத்தில். மகரம் சனியின் வீடு. மீனம் வியாழனின் வீடு. ஒருவர் வீட்டில் மற்றவர் குடியிருக்கும் இந்நிலையே பரிவர்த்தனை யோகம் எனப்படும். இரு கிரகங்கள் ஒன்றையொன்று பார்ப்பது வேறு. ஒன்றன் நட்சத்திரத்தில் மற்றொன்று நிற்பதும் வேறு. இராசியும் அதன் அதிபதியும் மாறி நிற்றலே ஈண்டு வேண்டப்படுவது.

இவ்வமைப்பு அப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. 1997ஆம் ஆண்டு முழுவதும் வியாழன் மகரத்திலும் சனி மீனத்திலும் சஞ்சரித்தனர். அவ்வாண்டிற் பிறந்த பிள்ளைகள் அனைவருடைய சாதகத்திலும் இப்பரிவர்த்தனை உண்டு. ஓர் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாரும் அரசாளவுமில்லை, எல்லாரும் அல்லற்படவுமில்லை. ஆகவே, யோகம் இருக்கிறதா என்ற கேள்வியுடன் நின்றுவிடுபவர் எதையும் அறிந்தவராகார். மாறிக்கொண்ட இரு வீடுகளும் இலக்கினத்திலிருந்து எத்தனையாம் பாவங்கள் என்பதே பலனைத் தீர்மானிக்கும்.

மந்திரேசுவரர் இயற்றிய பலதீபிகை இதற்கு ஒரு வகுப்பு முறை தருகிறது. பன்னிரு பாவங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 66 சோடிகள் வரும். ஆறு, எட்டு, பன்னிரண்டு ஆகிய மறைவிடங்களுள் ஒன்றேனும் சேர்ந்த சோடிகள் 30. அவை தைன்ய யோகம், அதாவது எளிமை தருவன. எஞ்சியவற்றுள் மூன்றாம் இடம் சேர்ந்தவை 8; அவை கல யோகம், ஏற்றமும் இறக்கமும் மாறிவரச் செய்வன. மீதி 28 மகா யோகம், இரு பாவங்களையும் வளர்ப்பன. மகரமும் மீனமும் மாறிய 1997ஆம் ஆண்டுக்கு இதைப் பொருத்தினால், இடபம், கடகம், கன்னி, தனு, மீனம் என்னும் ஐந்து இலக்கினங்களுக்கு மகா யோகமும், விருச்சிகம், மகரம் என்னும் இரண்டிற்குக் கல யோகமும், மேடம், மிதுனம், சிங்கம், துலாம், கும்பம் என்னும் ஐந்திற்குத் தைன்ய யோகமும் வரக் காணலாம். இலக்கினம் ஒரு நாளிலே பன்னிரண்டையும் சுற்றி வருவது. ஆதலால் ஒரே நாளில், ஒரே ஊரில், ஒரே கிரக நிலையிற் பிறந்த பிள்ளைகள் மூன்று வகுப்பிலும் அமைவர்.

கடக இலக்கினம் என்று கொண்டால் மகரம் ஏழாமிடம், மீனம் ஒன்பதாமிடம். களத்திராதிபதி சனி பாக்கியத்திலும், பாக்கியாதிபதி வியாழன் களத்திரத்திலும் நிற்பர். மகரம் வியாழனுக்கு நீச வீடு. எனினும், பரிவர்த்தனை பெற்ற கிரகம் தன் வீட்டில் ஆட்சியாய் இருப்பதற்கு ஒப்பாகும் என்னும் கொள்கைப்படி அந்நீசக் குறை தணியும். ஏழிலிருந்து வியாழன் இலக்கினத்தை நேரே பார்ப்பதும் சிறப்பு. திருமணத்தால் நற்பேறு வரும் என்று தீவிலே எழுதிய சாத்திரியார் குறித்திருந்தது இதனாலேயே.

சிங்க இலக்கினமாயின் மகரம் ஆறாமிடம், மீனம் எட்டாமிடம். அங்கே மாறியவை பிணி, கடன், பகை கூறும் பாவமும் ஆயுள், இடையூறு கூறும் பாவமும் ஆகும். அத்துடன் சனிக்குக் கும்பமும் சொந்த வீடாதலால், சிங்கத்துக்கு அவனே ஏழாம் அதிபதியுமாகிறான். ஏழுக்குடையவன் எட்டில் என்ற ஒரு வரியே மாப்பிள்ளை வீட்டாரை அச்சுறுத்தியது.

“இரண்டு பேரும் கணக்குப் பிழைக்கவில்லை,” என்றார் சாத்திரியார். “அண்டைக்கு மன்னாரிலே பழைய நேரத்துக்குச் சூரியன் உதிச்சது ஏறக்குறைய 6.03க்கு. கடகம் முடிஞ்சு சிங்கம் தொடங்கினது 6.32 அளவிலே. பிள்ளை, அந்த 6.45 ஆற்றை மணிக்கூட்டிலே பார்த்தது?”

அக்கேள்வியின் பொருள், அக்காலத்தை அறிந்தோருக்கே விளங்கும். மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணங்காட்டி இலங்கை அரசு 1996 மே மாதத்தில் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒற்றோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. எஞ்சிய அரை மணித்தியாலம் 2006 ஏப்பிரல் நடுப்பகுதி வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலோ இம்மாற்றம் ஏற்கப்படவில்லை. அங்கே பழைய நேரமே வழங்கியது. எனவே 1997இல் படையினர் வசமிருந்த மன்னார்த் தீவில் ஒரு நேரமும், புலிகள் வசமிருந்த பெருநிலத்துக் கிராமங்களில் வேறொரு நேரமும் இருந்தன. அப்பெண் பிறந்தது பெருநிலத்துக் கிராமமொன்றில்; குறிப்பு எழுதப்பட்டதோ தீவில். 6.45 புதிய நேரமாயின் பழைய கணக்கில் அது 6.15, இலக்கினம் கடகம். பழைய நேரமேயாயின் சிங்கம். ஓர் அரை மணித்தியாலம் ஏழையும் ஒன்பதையும் ஆறும் எட்டும் ஆக்கிவிட்டது.

தாய் சற்று நேரம் பேசவில்லை. மணிக்கூடு அவள் கணவனுடையது. அவர் சாமான் வாங்கத் தீவுக்கும் ஊருக்குமாய்ப் போய்வந்தவர். முள்ளை எங்கே திருப்பி வைத்திருந்தார் என்று கேட்க இன்று அவர் உயிருடன் இல்லை. புதிய நேரந்தான் என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தாற் போதும்; கடகக் குறிப்பே நிலைத்திருக்கும். அவள் சொல்லைத் தவறென்று காட்டுவார் எவருமில்லை.

“மணிக்கூட்டை விடு. வெயில் எங்கே நிண்டது?” என்று கேட்டார் முதியவர். உதித்துப் பன்னிரண்டு நிமிடமான சூரியன் அடிவானத்திலிருந்து மூன்று பாகை கூட ஏறியிராது. கிழக்கே மரமிருந்தால் அடிமரத்தின் பின்னே கிடக்கும். நாற்பது நிமிடமான சூரியனோ பத்துப் பாகை, அதாவது நீட்டிய கையின் ஒரு பிடி உயரம், மேலெழுந்திருக்கும்.

“பிள்ளையைத் துடைச்சுக் கையிலே தரேக்கை, வயலுக்கு அங்காலைப் பனைவட்டுக்கு மேலாலை வெயில் வந்து பாயிலே விழுந்தது, ஐயா,” என்றாள் தாய். “மருத்துவிச்சி ஓலைத்தட்டியை இழுத்து மறைச்சவ. அது எனக்கு மறக்காது.”

தனக்கு வேண்டாத விடையை அவள் தானே கூறிவிட்டாள். துடைத்துக் கொடுக்கச் சென்ற சில நிமிடங்களைக் கழித்தாலும், வயலுக்கப்பாலுள்ள பனைவட்டுக்கு மேலே நின்ற வெயில் பழைய நேரத்தையும் சிங்கத்தையுமே சுட்டியது.

சாத்திரியார் இதனை மறைக்கவுமில்லை, பெரிதாக்கவுமில்லை. ஆறும் எட்டும் மாறுவதைப் பலதீபிகை தைன்யத்துட் சேர்த்தாலும், உத்தரகாலாமிருதம் மறைவிடத்து அதிபதிகள் தமக்குள் இடம் மாறி நிற்பதை இராச யோகமாகவே கூறுகிறது. தீயவை இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போடும் என்பது அதன் கருத்து. ஒரே அமைப்புக்கு இரு நூல்கள் இரு முகங்காட்டுகையில், ஒன்றை மட்டும் படித்துக் காட்டுவது முறையன்று என்பது அவருடைய துணிபு. அதே வேளையில் சனி ஏழாம் அதிபதியாகவும் இருப்பதைப் பரிவர்த்தனை அழித்துவிடாது என்பதையும் அவர் சொன்னார். மாறியவை மகரமும் மீனமுமே. கும்பம் அம்மாற்றத்துட் படவில்லை. வியாழன், சனி ஆகியோரின் திசை புத்திகள் வரும் காலத்திலேயே எப்பலனும் வெளிப்படும் என்றும், அதுவரை அச்சத்துக்கு வேலையில்லை என்றும் கூறினார்.

பின்னர், மாப்பிள்ளையின் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அவர் பிறந்தது 1996 யூலை, மன்னார்த் தீவு. அவ்வாண்டிற் சட்டப்படி வழங்கிய நேரங்கள் மூன்று. யூலையில் அது பழைய நேரத்திலும் ஒரு மணித்தியாலம் கூடியது. குறிப்பிலே நேரம் எழுதப்பட்டிருந்ததேயன்றி, எந்த நேரம் என்று எழுதப்படவில்லை. ஒரு மணித்தியாலத்தில் இலக்கினம் அரை இராசி நகரும்.

முதியவர் ஒரு புதிய தாளில் இரு கட்டங்களையும் வரைந்தார். ஒன்றின் கீழ்ப் “பழைய நேரம், சிங்கம், தாயின் நினைவு இதற்குச் சார்பு” என்றும், மற்றதன் கீழ்ப் “புதிய நேரம், கடகம்” என்றும் எழுதினார். அடியில், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு வரி: “உங்கள் மகனின் நேரம் எந்த மணிக்கூட்டினது என்று விசாரித்து எழுதவும்.”

தாய் அத்தாளை மடித்தெடுத்துக்கொண்டு தீவுக்குப் போகும் பேருந்துக்குப் புறப்பட்டாள். கடகக் குறிப்பின் பழைய தாளைத் திண்ணையிலேயே விட்டுச் சென்றாள்.