கரண்ட் போனாலும் பிரிண்ட் போகாது: 86.4 மில்லிமீட்டரில் இருந்து மீட்ட கதை

காவடி உச்சியில் வைக்கிற மயில் ஒண்ண 3டி பிரிண்டரில் அடிச்சிக்கிட்டு இருந்தோம். 150 மி.மீ உயரம், 31 மணி நேர வேலை. 18-ஆவது மணி நேரத்துல கரண்ட் போச்சு. தைப்பூசத்துக்கு அஞ்சு நாள்தான் இருந்துச்சு.

மெமரி கார்டில் இருந்து அடிச்சா, கரண்ட் வந்ததும் பல பிரிண்டர்கள் "தொடரலாமா?"ன்னு கேட்கும். இது லேப்டாப்பில் இருந்து கேபிள் வழியா போன வேலை. அதுக்குப் பதிவு இருக்காது, கையாலதான் தொடங்கணும்.

முதல்ல பார்க்க வேண்டியது, பொருள் தட்டை விட்டு விலகிருச்சான்னுதான். பிஎல்ஏ ஆறினா தானே கழண்டுக்கும். எங்களுது ஒட்டியே இருந்துச்சு. அசைக்காம கேலிப்பரால் உயரம் அளந்தோம்: 86.35. லேயர் 0.2 என்பதால் 86.4, அதாவது 432 லேயர் முடிஞ்சிருக்கு.

நாசில் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கிட்டு இருக்கும், குளிரா இருக்கும்போது இழுக்கக் கூடாது. சூடாக்கி, தூக்கி, பிறகு X, Y மட்டும் ஹோம் செய்யணும். Z-ஐ ஹோம் செஞ்சா நாசில் மயில் மேலேயே வந்து இடிக்கும்.

```
M84 S0
M190 S60
M109 S210
G91
G1 Z5 F300
G90
G28 X Y
```

முதல் வரி முக்கியம். அது இல்லாட்டி கொஞ்ச நேரத்துல மோட்டார் ஓய்வுக்குப் போயிடும், வச்ச இடம் தொலைஞ்சிடும்.

அப்புறம் மயிலோட தட்டையான இடத்துக்கு மேல நாசிலைக் கொண்டு போய், நடுவில் காகிதம் வச்சு, 0.1 ஆக இறக்கினோம். காகிதம் லேசா பிடிச்சதும் `G92 Z86.5` கொடுத்தோம். கூடுதல் 0.1 காகிதத்தோட கனம்.

ஃபைலில் Z86.6-க்கு முன்னால இருந்த எல்லாத்தையும் நீக்கினோம். தொடக்கத்துல இருக்கிற G28, ஓரத்துல கோடு இழுக்கிற பகுதி ரெண்டும் போகணும். கோடு இழுக்க நாசில் அடிவரை இறங்கும், வழியில மயில் நிக்கும். பதிலுக்கு இதைப் போட்டோம்:

```
M190 S60
M109 S210
M106 S255
M83
G1 Z96 F300
```

எங்க ஃபைல் M83 வகை. M82-ஆ இருந்தா, வெட்டின இடத்துக்கு முந்தின கடைசி E எண்ணை `G92 E`-யோட கொடுக்கணும்.

முதல் லேயரை உட்கார்ந்து பாருங்க. நாசில் உரசி கிறீச்சிட்டா உயரம் குறைவு. நூல் காத்துல தொங்கி ஒட்டலன்னா அதிகம். உடனே நிறுத்தி 0.1 மாத்திக்கலாம். எங்களுக்கு மெல்லிய கோடு ஒண்ணு விழுந்துச்சு, சாண்ட்பேப்பர் தேய்ச்சுப் பெயிண்ட் அடிச்சதும் மறைஞ்சிருச்சு.

பொருள் கழண்டிருந்தா இந்த வழி வேணாம், பழைய இடத்துல திரும்ப உட்கார வைக்க முடியாது. ஸ்லைசரில் மாதிரியை 86.4-இல் வெட்டி, மேல்பாதியைத் தனியா அடிச்சு ஒட்டிக்குங்க.