மூன்று பொடி, ஒரு பொட்டலம்

இல்லத்தில் பொடி இடித்து இணையத்தில் விற்கும் என் போன்றோருக்குச் சத்ரு போட்டிக்காரர் அல்லர், கூரியர் கட்டணமே. 100 கிராம் இட்லிப் பொடி 80 ரூபாய் என்றால், அதை அனுப்ப 50 ரூபாய் ஆகிறது என்று கண்டதும் வாங்க வந்தவர் மெல்ல நழுவிவிடுகிறார். பல கூரியர்களில் அரைக் கிலோ வரை ஒரே கட்டணம் என்பதால், இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி மூன்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடக்கி, காம்போவாகப் பட்டியலிட்டேன். பெட்டியோடு நிறுத்தால் 400 கிராமுக்குள் நிற்கும். ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றைச் சேர்த்தாலோ எல்லை தாண்டி, லாபம் கரைந்துவிடும்.

விலையை இப்படி எழுதினேன்: "தனித்தனியே ₹240, மூன்றும் சேர்ந்து ₹210, மிச்சம் ₹30. கூரியர் ₹50 தனி." மூன்று கூரியர் கட்டணங்களையும் கூட்டி "₹130 மிச்சம்" என்று போடும்படி நண்பரொருவர் யோசனை சொன்னார். ஆனால் மூன்றையும் ஒரே ஆர்டரில் வாங்குபவருக்குக் காம்போ இல்லாமலே கூரியர் ஒன்றுதானே! அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் இல்லத்தரசிகளே நம் வாடிக்கையாளர்கள். சதவீதமும் வேண்டாமென்று விட்டேன்; சிறு தொகையில் ரூபாயே பளிச்சென்று புரிகிறது.

விற்காமல் தேங்கிய சரக்கைக் காம்போவுக்குள் திணிப்பது மட்டும் எனக்குச் சம்மதமில்லை. தவிர, ஒரு பொடி தீர்ந்தாலும் காம்போவைப் பட்டியலிலிருந்து உடனே எடுத்துவிட வேண்டும். இருப்புக் கணக்கைத் தனிப் பொட்டலங்களோடு இணைத்து வைத்தால் அது தானே நடக்கும்.