பூஜை சீசனில் போன் பார்க்கிற வேலை

தையல் கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் கொடுப்பது காஜா எடுப்பது, ஹூக் வைப்பது, சேலைக்கு ஃபால் அடிப்பது. அந்தமானின் திக்லிபூர் பஜாரில் நான் வேலை கற்றுக்கொள்ளும் கடையிலும் அப்படித்தான். அதற்கு அடுத்து கத்திரியைக் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கடை நடத்தும் அக்கா அதற்குப் பதில் கடை போனைக் கொடுத்தார். "துணி வெட்டுறதுக்கு முன்னாடி ஆர்டரைப் பிரிக்கக் கத்துக்கோ" என்றார்.

எங்கள் ஊரில் இந்த வேலைக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பஜாரில் இருப்பவர்கள் இல்லை. ஏரியல் பே, காளிப்பூர், கிஷோரிநகர், காளிகாட் என்று சுற்றுப்பட்ட இடங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். பிளவுஸ் தைத்தாகிவிட்டதா என்று கேட்பதற்காக மட்டும் யாரும் அரைநாளைச் செலவழிக்க மாட்டார்கள், வாட்ஸப்பில்தான் கேட்பார்கள். இங்கே பெரும்பான்மையினர் வங்காளிகள் என்பதால் துர்கா பூஜைக்குத்தான் பெரிய கூட்டம். செப்டம்பர் பிறந்தால் போதும், காலையில் கடை திறப்பதற்குள் திரை நிறைய செய்தி நிற்கும். முன்பெல்லாம் ஒரு மாடல் படம் இறங்கவே வெகுநேரம் ஆகும் என்று அக்கா சொல்வார். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் வந்த பிறகுதான் கழுத்து மாடல், கை மாடல் எல்லாம் படமாக வந்து குவியத் தொடங்கியதாம்.

கடையில் இருப்பது வாட்ஸப் பிசினஸ். 2018-இல் வந்த இலவச ஆப். அதில் தானாகப் போகும் பதில், சட்டென்று அனுப்பும் பதில், உரையாடலுக்கு ஒட்டும் லேபிள் என்று மூன்று வசதிகள் உண்டு. பெரும்பாலானவர்கள் தானியங்கிப் பதிலில் ஆரம்பிப்பார்கள். அக்கா எனக்கு லேபிளில் ஆரம்பித்துக் கற்றுக்கொடுத்தார். இப்போது யோசித்தால் அதுதான் சரி. துணி எந்த நிலையில் கிடக்கிறது என்று தெரியாத கடை எவ்வளவு வேகமாகப் பதில் அனுப்பி என்ன பயன்?

ஆப் தானாகவே ஐந்து லேபிள் வைத்திருக்கும்: New customer, New order, Pending payment, Paid, Order complete. பொருளை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கும் கடைக்கு இது போதும். தையலுக்குப் போதாது, ஏனென்றால் ஆர்டர் வந்ததற்கும் முடிந்ததற்கும் நடுவில்தான் எங்கள் வேலை முழுவதும் இருக்கிறது. அதனால் அக்கா பெயர்களை மாற்றி வைத்திருக்கிறார்: அளவு வரணும், லைனிங் வரணும், வெட்டியாச்சு, மிஷின்ல, ரெடி, பாக்கி. இருபது லேபிள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும் இந்த ஆறைத் தாண்ட விடுவதில்லை. பார்த்தவுடன் கை எங்கே போக வேண்டும் என்று சொல்லாத லேபிள் நிறம் மட்டுமே என்பது அவர் கணக்கு. "நல்ல கஸ்டமர்" என்று ஒரு லேபிள் வைக்கலாமா என்று கேட்டேன். அதைப் பார்த்து நீ என்ன செய்வாய் என்று திருப்பிக் கேட்டார். பதில் இல்லை, லேபிளும் இல்லை.

லேபிள் தானாக நகராது. வெட்டும் மேஜையிலிருந்து துணி மிஷினுக்குப் போகும்போது போனிலும் அதை மாற்ற வேண்டும். துணியை நகர்த்துகிற ஆள்தான் லேபிளையும் மாற்ற வேண்டும் என்பது கடை விதி. தினமும் காலையில் 'ரெடி' லேபிளைத் திறந்து அதில் இருக்கும் பெயர்களை அலமாரியில் தொங்கும் பைகளோடு ஒப்பிடுவேன். பை இருந்து பெயர் இல்லையென்றால் யாருக்கோ தகவல் போகவில்லை. பெயர் இருந்து பை இல்லையென்றால் துணி கொடுத்தாகிவிட்டது, லேபிள் எடுபடவில்லை. அது இன்னும் மோசம், ஏனென்றால் வாங்கிப் போனவருக்கே 'ரெடி' என்று மறுபடி செய்தி போகும்.

காளிகாட்டிலிருந்து ஒரு தீதி பூஜைக்கு மூன்று பிளவுஸ் கொடுத்திருந்தார். சப்தமிக்கு ஒன்று, அஷ்டமிக்கு ஒன்று, தசமிக்குச் சிவப்புக் கரை வெள்ளைச் சேலைக்கு ஒன்று. முதலாவது தைத்தாகிவிட்டது. இரண்டாவதுக்கு லைனிங் துணி இல்லை. மூன்றாவதுக்குக் கை நீளம் எவ்வளவு என்று அவர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய உரையாடல் ஒன்றுதான். அதன்மேல் 'ரெடி' ஒட்டினால் மூன்றும் தயார் என்று ஆகிவிடும், மூன்று லேபிளையும் ஒட்டினால் எது எதற்கு என்று தெரியாது. இந்த இடத்தில் அக்கா காட்டியது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. லேபிளை உரையாடலுக்கு மட்டுமல்ல, ஒரு தனிச் செய்திக்கும் ஒட்டலாம். துணி கைக்கு வந்த அன்றே ஒவ்வொரு பிளவுஸையும் தனித்தனியாகப் படம் எடுத்து அந்த உரையாடலிலேயே அனுப்பி வைக்கிறோம். பிறகு அந்தப் படத்தை அழுத்திப் பிடித்து அதற்குரிய லேபிளை ஒட்டுகிறோம். படம்தான் ரசீது. தீதி "ஹோ கயா?" என்று கேட்டபோது பச்சைத் துணி முடிந்தது, மஞ்சளுக்கு லைனிங் வர வேண்டும், வெள்ளைக்குக் கை அளவு சொல்லுங்கள் என்று மிஷினைவிட்டு எழாமலே பதில் போனது. இந்த லேபிள் எதுவும் வாடிக்கையாளர் திரையில் தெரியாது, கடைக்குள் மட்டும்தான். அதனால் 'பாக்கி' என்று எழுதி வைப்பதில் யாருக்கும் சங்கடம் இல்லை.

அதற்குப் பிறகுதான் சட்டென்று அனுப்பும் பதில். ஆப்பில் அதன் பெயர் Quick replies. ஒரு செய்தியை எழுதி அதற்கு ஒரு சுருக்கப் பெயர் கொடுத்துவிட்டால், உரையாடலில் சாய்கோடு போட்டு அந்தப் பெயரைத் தட்டியதும் முழுச் செய்தியும் பெட்டியில் வந்து நிற்கும். ஐம்பது வரை சேமிக்கலாம். எங்களிடம் அதிகம் ஓடுவது `/alavu`:

> நன்றாகப் பொருந்தும் பழைய பிளவுஸ் ஒன்றைத் துணியோடு கொடுத்தனுப்புங்கள். லைனிங் வேண்டுமா? ஹூக் முன்னாலா, பின்னாலா? கழுத்து மாடல் இருந்தால் படம் அனுப்புங்கள். எந்தத் தேதிக்குள் வேண்டும்? எங்கள் நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதியதுதான் வேலை, அனுப்புவது விரலின் வேலை. முன்பு "அளவு பிளவுஸ் கொடுங்க" என்று மட்டும் போகுமாம். பழைய பிளவுஸ் வரும், ஆனால் ஹூக் எந்தப் பக்கம் என்று தெரியாது, மறுபடி கேட்க வேண்டும், பதில் வர ஒரு நாள். திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளைப் பழைய உரையாடல்களில் தேடிப் பொறுக்கி ஒரே செய்தியில் சேர்த்தார் அக்கா. நல்ல பதில் அடுத்த கேள்விக்கும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். வங்காளி வாடிக்கையாளர்களுக்கு இதே செய்தி இந்தியில் `/alavuh` என்று இருக்கிறது. கடைசியில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், கை பழகிவிடும்.

`/ready` கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டியது. அதில் எந்தத் துணி, எவ்வளவு பாக்கி என்று இரண்டு இடத்தை நிரப்ப வேண்டும். அப்படியே அனுப்பினால் வெற்றுக் கோடுகள் போய்ச் சேரும். அதனால் அக்கா அந்த வெற்றிடங்களைச் செய்தியின் முதல் வரியிலேயே வைத்திருக்கிறார். நடுவில் ஒளிந்திருந்தால் அவசரத்தில் கண்ணுக்குப் படாது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. லேபிளைப் பார்க்காமல் `/ready` தட்டக்கூடாது. ஞாபகத்தை நம்பி அனுப்பிய 'ரெடி' பஸ் ஏறி வந்து நம் வாசலில் நிற்கும்.

தானாகப் போகும் பதில் இரண்டு வகை. முதல் வகை Greeting message. ஒருவர் முதன்முறை எழுதும்போதும், பதினான்கு நாள் பேச்சே இல்லாமல் இருந்து மறுபடி எழுதும்போதும் அது போகும். இந்தப் பதினான்கு நாள் கணக்கு முக்கியம். போன பூஜைக்குத் தைத்தவர் இந்தப் பூஜைக்கு எழுதும்போதும் அதே வரவேற்புதான் போகும். "எங்கள் கடையை முதன்முறை தொடர்புகொண்டதற்கு நன்றி" என்று எழுதி வைத்தால், பல வருஷமாக வரும் மாசிக்கு மனசு கஷ்டப்படும். எங்கள் செய்தி கடை நேரத்தைச் சொல்லி, துணியின் படத்தையும் தேவைப்படும் தேதியையும் அனுப்பச் சொல்லும், வேறெதுவும் சொல்லாது. அது புதியவருக்கும் பழையவருக்கும் பொருந்தும்.

இரண்டாவது Away message. கடை மூடியிருக்கும்போது போவது. எப்போதும், குறிப்பிட்ட நேரத்தில், கடை நேரத்துக்கு வெளியே என்று மூன்று விதமாக வைக்கலாம். கடை நேரத்துக்கு வெளியே என்று வைத்தால், கடை விவரத்தில் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் சரியாகப் பதிந்திருக்க வேண்டும். லீவுக்காக 'எப்போதும்' என்று மாற்றினால், திரும்பி வந்த காலையில் முதல் வேலையாக அதை மாற்ற வேண்டும். இல்லையென்றால் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், போன் கடை மூடியிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும். பகலில் வருகிறவர் "மூடிட்டீங்கன்னு மெசேஜ் வந்துச்சே" என்று கேட்டால் அதுதான் அறிகுறி. இன்னொன்று, இந்தச் செய்தி போக போனில் நெட் இருக்க வேண்டும். ராத்திரி கரண்ட் போய் போனும் அணைந்துவிட்டால் எதுவும் போகாது. ஆகவே மூடும்போது சார்ஜைப் பார்ப்பது பூட்டைப் பார்ப்பதோடு சேர்ந்த வேலை.

தானியங்கிப் பதிலில் நேரம் சொல்லலாம், வழி சொல்லலாம். எந்தத் துணி எப்போது தயார் என்று சொல்லவே கூடாது. அது இந்த ஊருக்கு இன்னும் பொருந்தும். லைனிங், ஹூக், நூல் எல்லாம் சென்னையிலிருந்து கப்பலில் ஸ்ரீ விஜயபுரம் வந்து, அங்கிருந்து அந்தமான் ட்ரங்க் ரோட்டில் லாரியில் வர வேண்டும். ஜாராவா காட்டுக்குள் கான்வாய் நேரத்துக்குத்தான் வண்டி போகும், நடுவில் படகில் ஏற்றி ஜலசந்தியையும் கடக்க வேண்டும். காற்று அடித்தால் எல்லாம் நிற்கும். அப்படி லாரி தாமதமான ஒரு நாள் 'லைனிங் வரணும்' லேபிளைத் திறந்தோம். அதில் இருந்தவர்களுக்கு மட்டும் ஒரே செய்தியை பிராட்காஸ்டாக அனுப்பினோம். சிலருக்குப் போய்ச் சேரவில்லை. கடை நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் பிராட்காஸ்ட் போகும். போகாதவர்களுக்கு ஒவ்வொருவராக அனுப்பினேன். அதிலிருந்து `/alavu` செய்தியின் கடைசியில் "எங்கள் நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி சேர்ந்தது.

சின்னக் கடை வைத்திருப்பவர்கள் இதைத் தொடங்குவதாக இருந்தால் ஆப்பைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் உங்கள் கடையில் ஒரு ஆர்டர் கடக்கும் நிலைகளை எழுதிப் பாருங்கள். ஏழெட்டுக்கு மேல் போனால் சிலதைச் சேர்த்துவிடுங்கள். அவைதான் உங்கள் லேபிள்கள். பிறகு ஒரு வாரம் வரும் கேள்விகளைக் குறித்து வைத்து, அதிகம் வருகிற மூன்றுக்கு மட்டும் பதில் எழுதி வையுங்கள். தானியங்கிப் பதிலைக் கடைசியாகப் போடுங்கள். பூஜைக்குப் புது ஆர்டர் எடுப்பதை நிறுத்தியதும் நாங்கள் முதலில் மாற்றுவது அந்தச் செய்தியைத்தான்: கடைசித் தேதி முடிந்துவிட்டது, காளி பூஜைக்கு என்றால் துணி கொண்டு வாருங்கள்.